மயக்கத்தில் இருக்கும்போது வேறு உறுப்பை எடுக்கலாமா? அறுவைச் சிகிச்சைச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் செய்ய வேண்டியவை

கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ ஒரு அறுவைச் சிகிச்சைக்கு முதல் தடவையாகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சம்மதப் படிவத்தை அட்மிஷன் கவுன்ட்டரில் நீட்டுகிற பத்துத் தாள்களில் ஒன்றாக நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு அந்தத் தாளின் நகலுக்காகவே அலைகிற குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய. அந்த அலைச்சலை முன்கூட்டியே தவிர்க்கலாம்.

சம்மதம் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் ஒரு இடத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரு அறுவைக்குச் சம்மதம் கொடுத்துவிட்டு மயக்கத்தில் இருக்கிறீர்கள். உள்ளே வேறொன்று தெரிகிறது. டாக்டர் உங்களைக் கேட்காமல் அதையும் செய்யலாமா, கூடாதா?

இதற்கு உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறது. சமீரா கோலி வழக்கு என்பார்கள். வயிற்றில் கருவி விட்டுப் பார்க்கும் சோதனைக்காக 44 வயதுப் பெண் ஒருவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அது தவறு என்றது நீதிமன்றம். உயிரைக் காக்கவோ உடல்நலத்தைக் காக்கவோ அந்தக் கூடுதல் சிகிச்சை அவசியமாக இருக்க வேண்டும். நோயாளி கண்விழித்துத் தானே முடிவெடுக்கும் வரை காத்திருப்பது நியாயமாகாது என்கிற நிலையும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் மட்டுமே கேட்காமல் செய்யலாம். "அவருக்கு நல்லதுதான்", "இன்னொரு அறுவைச் செலவு மிச்சம்", "பின்னால் வரும் வலி மிச்சம்" என்பவை எதுவும் காரணமாகாது என்றும் தீர்ப்பு வெளிப்படையாகச் சொல்கிறது.

கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த அளவுகோலை ஒட்டியவை.

1. கையில் இருக்க வேண்டியவை

ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைகள், பழைய அறுவைச் சிகிச்சைகளின் டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, ஆதார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்கிறீர்கள் என்றால் அந்த அட்டையும் ரேஷன் கார்டும். எல்லாவற்றையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து, ஒரு செட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஒரிஜினல் ஸ்கேன் பிலிமை மருத்துவமனையில் கொடுத்தால், வாங்கிக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

சம்மதப் படிவத்துக்கு முத்திரைத்தாளோ நோட்டரியோ தேவையில்லை, அதற்குக் கட்டணமும் கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம்.

காப்பீட்டுக் கவுன்ட்டரில் வாங்கும் கையெழுத்தில் ஒரு குழப்பம் உண்டு. அது பணத்துக்கான அனுமதி மட்டுமே. எந்த அறுவை என்று காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதி கேட்பதற்காக வாங்குவது. உடம்பில் கை வைப்பதற்கான சம்மதம் அதில் அடங்காது. ஆனால் அந்த அனுமதிக் கடிதத்தில் அறுவையின் பெயர் இருக்கும். சம்மதப் படிவத்தில் உள்ள பெயரும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். கடிதத்தில் கட்டி அகற்றல் என்றும் படிவத்தில் கர்ப்பப்பை அகற்றல் என்றும் இருந்தால், அந்த இடத்திலேயே நிறுத்திக் கேட்க வேண்டும்.

2. படிவத்தை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்

பெரும்பாலும் படிவம் வந்து சேர்வது தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும் ட்ராலியில் படுத்திருக்கும்போதுதான். அதற்குள் பதற்றம் குறைய ஊசி போட்டிருப்பார்கள். தூக்கக் கலக்கத்தில் போடும் கையெழுத்து சம்மதமாகாது என்று பின்னால் வாதாடலாம், ஆனால் எந்த மணிக்கு ஊசி போட்டார்கள், எந்த மணிக்குக் கையெழுத்து வாங்கினார்கள் என்பதை நிரூபிப்பது கடினம். ஆகவே திட்டமிட்ட அறுவை என்றால் முதல் நாள் மாலையே படிவத்தைக் கேளுங்கள். அட்மிட் ஆகும் நாளிலேயே அறுவை என்றால், அதற்கு முந்தைய ஓ.பி. வருகையில் கேளுங்கள்.

வாங்கியதும் பார்க்க வேண்டியவை இவை. அறுவையின் பெயர் எழுதியிருக்க வேண்டும். வலதா இடதா என்பது இருக்க வேண்டும். அறுவை செய்யப்போகிறவர் பெயர் இருக்க வேண்டும். நம் ஊர் நர்சிங் ஹோம்களில் தஞ்சையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ டாக்டர் வந்து செய்துவிட்டுப் போவது வழக்கம் என்பதால் இது முக்கியம். விளக்கம் சொன்னவர் ஒருவர், செய்கிறவர் இன்னொருவர் என்று ஆனால், உள்ளே எதைப் பார்த்து எப்படி முடிவெடுப்பார் என்று உங்களிடம் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அந்த வெளியூர் டாக்டரிடம் பத்து நிமிடம், குறைந்தது போனிலாவது, பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

காலியான இடங்கள் உள்ள படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நிரப்பத் தேவையில்லாத இடத்தில் குறுக்குக் கோடு போடச் சொல்லுங்கள். தேதியோடு மணியையும் நீங்களே எழுதுங்கள். ஆங்கிலப் படிவம் புரியவில்லை என்றால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். அது இல்லாவிட்டால், படித்துத் தமிழில் சொன்னவரின் பெயரை அடியில் எழுதச் சொல்லுங்கள். பெருவிரல் ரேகை வைப்பவர் என்றால் சாட்சி உங்கள் தரப்பு ஆளாக இருக்கட்டும். மருத்துவமனை ஊழியர் மட்டுமே சாட்சி என்றால் பின்னால் உங்களுக்காகப் பேச ஆளிருக்காது.

மயக்க மருந்துக்குத் தனிச் சம்மதம் வாங்குவார்கள், ரத்தம் ஏற்றவும் தனியாக வாங்குவார்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு 2017 சட்டப்படி உங்கள் சம்மதம் கட்டாயம். எதற்கு எது என்று தெரிந்து போடுங்கள்.

3. யார் கையெழுத்து செல்லும்

18 வயது முடிந்து, சொல்வதைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருப்பவருக்கு அவருடைய கையெழுத்துதான். கணவனோ, மகனோ, மாமனாரோ அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட முடியாது. நம் வீடுகளில் "ஆம்பளை யாரு வந்திருக்கீங்க, கையெழுத்துப் போடுங்க" என்று கூப்பிடுவது பழகிப்போன ஒன்று. உறவினர் கையெழுத்தைக் கூடுதலாக வாங்கிக்கொள்வதில் தவறில்லை. நோயாளியின் கையெழுத்துக்கு மாற்றாக அது ஆகாது.

கர்ப்பப்பை அகற்றல் போல, குழந்தை பெறும் திறனை இழக்கச் செய்யக்கூடிய அறுவைக்கு மருத்துவர்களுக்கான 2002 நெறிமுறை கணவன் மனைவி இருவரின் சம்மதத்தையும் கேட்கிறது. அதனால் கணவன் கையெழுத்தையும் கேட்பார்கள். அப்போதும் மனைவியின் கையெழுத்து இல்லாமல் கணவனுடையது மட்டும் போதாது. கருக்கலைப்புக்கு இந்த விதி பொருந்தாது. 18 வயது முடிந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே அங்கே போதும், கணவன் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது.

18 வயதுக்குக் கீழே பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து.

4. நான்கு கேள்விகள்

ஒரு டாக்டர் எதையெல்லாம் சொன்னால் அது போதுமான விளக்கம் என்பதையும் அதே தீர்ப்பு வரையறுத்திருக்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள், எதற்காக? வேறு வழி இருக்கிறதா? பெரிய ஆபத்துகள் என்ன? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? இந்த நான்குக்கும் பதில் வேண்டும். எங்கோ லட்சத்தில் ஒருவருக்கு வரக்கூடிய அபூர்வ ஆபத்தையெல்லாம் பட்டியலிட வேண்டும் என்று சட்டம் டாக்டரைக் கட்டாயப்படுத்தவில்லை. அதை எதிர்பார்த்துச் சண்டை போடாதீர்கள்.

இந்த நான்கோடு ஐந்தாவதாக ஒன்றை நீங்களாகக் கேட்க வேண்டும். "உள்ளே வேற ஏதாவது தெரிஞ்சா என்ன செய்வீங்க டாக்டர்?" இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, டாக்டர்களும் தாங்களாகச் சொல்வது குறைவு. சிக்கல் எல்லாம் இதில்தான் பிறக்கிறது.

5. கூடுதல் சிகிச்சை: படிவத்தில் நீங்களே எழுத வேண்டிய பகுதி

அச்சடித்த படிவங்களில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: "அறுவையின்போது மருத்துவர் தேவை எனக் கருதும் வேறு எந்தச் சிகிச்சைக்கும் சம்மதிக்கிறேன்." இதை வைத்து எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று இரண்டு பக்கமும் நினைக்கிறார்கள். சமீரா கோலி வழக்கில் கையெழுத்திட்ட படிவத்தில், தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்கலாம் என்பதுவரை இருந்தது. அதிலிருந்து கர்ப்பப்பையை எடுக்கும் அனுமதி பிறக்காது என்றே நீதிமன்றம் சொன்னது. அதே சமயம், இன்ன அறுவை, அதோடு தேவைப்பட்டால் இன்ன கூடுதல் அறுவை என்று பெயர் சொல்லி முன்கூட்டியே சேர்த்துச் சம்மதம் வாங்குவது செல்லும் என்றும் சொன்னது. ஆக, பெயர் சொல்லி எழுதுவது உங்களுக்கும் பாதுகாப்பு, டாக்டருக்கும் பாதுகாப்பு.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் 42 வயதுப் பெண். இரண்டு பிள்ளைகள். ஸ்கேனில் இடது சினைப்பையில் 8 சென்டிமீட்டர் நீர்க்கட்டி, கர்ப்பப்பையில் தொந்தரவு தராத சிறு தசைக்கட்டி. லேப்ராஸ்கோப்பி மூலம் நீர்க்கட்டியை மட்டும் எடுப்பதாகப் பேச்சு. உள்ளே கருவி போன பிறகு என்னென்ன நடக்கலாம்?

ரத்தக் குழாய் ஒன்று கிழிந்து, கருவி வழியாக அடைக்க முடியாமல் ரத்தம் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றைத் திறந்து அடைக்கலாம், ரத்தம் ஏற்றலாம். யாரையும் கேட்கக் காத்திருக்க வேண்டியதில்லை, காத்திருக்கவும் கூடாது. பழைய அறுவையால் ஒட்டிக்கொண்ட குடலைப் பிரிக்கும்போது குடலில் ஓட்டை விழுந்தாலும் அப்படித்தான். உடனே தைக்க வேண்டும், தேவைப்பட்டால் தற்காலிகமாக வயிற்றில் வெளிவழி வைக்க வேண்டும். அப்படியே மூடினால் மலம் வயிற்றுக்குள் கசிந்து உயிருக்கு ஆபத்தாகும்.

கட்டி முறுக்கிக்கொண்டு சினைப்பை கறுத்துக் கிடக்கிறது என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். கறுத்துப்போனது போல் தெரியும் சினைப்பைகூட முறுக்கை விடுவித்த பின் பிழைத்துக்கொள்வது உண்டு. உண்மையிலேயே செத்துப்போன திசு என்றால் எடுப்பது உடல்நலத்தைக் காக்கும் அவசியம். பிழைக்கும் வாய்ப்பு இருந்தால் விட்டுவைப்பதா எடுப்பதா என்பது நோயாளியின் முடிவு. அதனால்தான் முன்கூட்டியே கேட்டு எழுதிவிடச் சொல்கிறேன்.

அந்தத் தசைக்கட்டி ஸ்கேனில் கண்டதைவிடப் பெரிதாக இருக்கிறது, "42 வயசு ஆச்சு, பிள்ளைகளும் ஆச்சு, கர்ப்பப்பையையும் எடுத்துடலாம்" என்ற எண்ணம் வருகிறது. இங்கே கேட்காமல் எடுக்கக் கூடாது. தசைக்கட்டி இன்று மதியம் அவர் உயிரை எடுக்கப் போவதில்லை. அவர் கண்விழித்து, கேட்டு, யோசித்து, வேறொரு டாக்டரிடம் காட்டி முடிவெடுக்க நேரம் இருக்கிறது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் மாதவிடாய் நிற்பதால் வரும் தொந்தரவுகள் மறுநாளிலிருந்தே தொடங்கும், எலும்புத் தேய்மானத்துக்கான வாய்ப்பும் கூடும். அதைச் சுமக்கப் போகிறவர் அவர்.

கடைசியாக, கட்டியைப் பார்த்தால் புற்றுநோயாக இருக்குமோ என்று சந்தேகம் வருகிறது. கட்டியை உடைத்து எடுத்தால் உள்ளே பரவக்கூடும் என்பதால் சினைப்பையோடு சேர்த்து முழுதாக எடுப்பது மேல் என்று டாக்டர் கருதலாம். சில பெரிய மருத்துவமனைகளில் திசுவை உறையவைத்து, அறுவை நடக்கும்போதே சோதித்துச் சொல்வார்கள். எல்லா ஊரிலும் அந்த வசதி இல்லை. வசதி இல்லாத இடத்தில் மாதிரி எடுத்துக்கொண்டு மூடிவிட்டு, முடிவு வந்த பின் பெரிய அறுவையைத் திட்டமிடுவதும் ஒரு வழி. இதை முதல் நாளே பேசிவிட வேண்டும். ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் சந்தேகத்துக்கு இடம் இருந்ததா என்று நேரடியாகக் கேளுங்கள். இருந்தால் புற்றுநோய் அறுவைப் பழக்கம் உள்ள இடத்துக்கே போய்விடுவது நல்லது என்பது என் அழுத்தமான கருத்து.

இவ்வளவும் பேசியபின் படிவத்தில் அந்தப் பெண் தன் கையெழுத்தில் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"இடது சினைப்பையில் உள்ள நீர்க்கட்டியை லேப்ராஸ்கோப்பி மூலம் எடுக்கச் சம்மதிக்கிறேன். தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்கவும் ரத்தம் ஏற்றவும் சம்மதிக்கிறேன். இடது சினைப்பையைக் காப்பாற்ற முடியாது என்றாலோ, புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தாலோ அதை எடுக்கலாம். கர்ப்பப்பையையும் வலது சினைப்பையையும் என் உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் ஒழிய எடுக்கக் கூடாது. நான் கண்விழித்த பிறகு என்னிடம் பேச வேண்டும்."

அச்சடித்த பொதுவான வரியை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் இதை எழுதி, நீங்களும் டாக்டரும் கையெழுத்துப் போடுங்கள். மொபைலில் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். எழுத வராதவர் சொல்லச் சொல்ல வீட்டார் எழுதலாம், பிறகு படித்துக் காட்டி ரேகை வைக்கலாம்.

"இப்படி எழுதினா நான் ஆபரேஷன் பண்ண மாட்டேன்" என்று சில டாக்டர்கள் சொல்வார்கள். அவசரமில்லாத அறுவையை மறுக்க அவருக்கு உரிமை உண்டு. ஏன் என்று கேளுங்கள். மருத்துவக் காரணம் சொன்னால் யோசியுங்கள். "நம்பிக்கை இல்லன்னா வேற இடம் போங்க" என்பது மட்டும் பதில் என்றால், ரிப்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு வேறு இடம் போவதுதான் சரி.

பணத்தைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். கருவி வழி அறுவைக்கு எவ்வளவு, வயிற்றைத் திறக்க நேர்ந்தால் எவ்வளவு, கர்ப்பப்பையைத் தனியாக இன்னொரு நாள் எடுக்க நேர்ந்தால் எவ்வளவு? மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மூன்றாவது எண் தெரியாத குடும்பம்தான் அடுத்த படியில் சொல்லும் இடத்தில் தடுமாறுகிறது.

6. தியேட்டர் வாசலில் நிற்பவர் செய்ய வேண்டியது

உள்ளேயிருந்து நர்ஸ் ஒரு தாளோடு வருவார். "கர்ப்பப்பையில கட்டி இருக்காம் சார். வயித்த தொறந்தாச்சு, இப்பவே எடுத்துட்டா இன்னொரு செலவு மிச்சம்னு டாக்டர் சொல்றாங்க. சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க." நிற்கிறவர் கணவன் என்றால் கை தானாகப் பேனாவைத் தேடும்.

போட வேண்டாம். டாக்டரோ உதவி டாக்டரோ வெளியே வந்து பேசட்டும், அல்லது தியேட்டர் போனில் பேசட்டும். இரண்டே கேள்வி கேளுங்கள்: "இப்ப எடுக்கலன்னா உயிருக்கோ உடம்புக்கோ என்ன ஆகும் டாக்டர்?" "அவங்க கண்ணு முழிக்கிற வரைக்கும் காத்திருந்தா என்ன ஆகும்?" முதல் கேள்விக்குப் பதில் "ஒண்ணும் ஆகாது, பின்னாடி தொந்தரவு வரலாம்" என்றால், உங்கள் பதில்: "அப்ப அவங்ககிட்டயே கேட்டுக்கலாம் டாக்டர். இப்ப பேசினபடி கட்டிய மட்டும் எடுங்க." பதில் "ரத்தம் நிக்கல, எடுக்கலன்னா உயிருக்கு ஆபத்து" என்றால், உங்கள் கையெழுத்துக்காக டாக்டர் காத்திருக்கத் தேவையே இல்லை. "செய்யுங்க" என்று சொல்லி, காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

உறவினர் கையெழுத்து இருந்ததாலேயே அவசரமற்ற அறுவை சட்டப்படி சரியாகிவிடாது. ஆனால் அந்தக் கையெழுத்து இருந்தால், பிறகு புகார் கொடுக்கும் பெண்ணிடம் "உங்க வீட்டுக்காரர்தானே போட்டார்" என்று சொல்வார்கள். பல குடும்பங்களில் அந்தப் பேச்சோடு புகார் நின்றுவிடுகிறது.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்யும் அறுவைகளில் நோயாளி விழித்திருப்பார். தூக்க மருந்து கொடுக்கவில்லை என்றால் அவரிடமே கேட்கலாம். அப்போது வாசலுக்கு வந்து உறவினரைக் கேட்பதற்கே முகாந்திரம் இல்லை.

7. சம்மதமே இல்லாமல் சிகிச்சை தொடங்கும் நேரம்

வயலில் பாம்பு கடித்து, இமை தூக்க முடியாமல், மூச்சு குறைந்து ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். அல்லது தஞ்சை – கும்பகோணம் சாலையில் அடிபட்டு நினைவில்லாமல் ஒருவர் 108-ல் வருகிறார். கூட யாருமில்லை. டாக்டர் மூச்சுக்குழாய் போடலாம், விஷமுறிவு மருந்து ஏற்றலாம், மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுக்கலாம். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-வது பிரிவு இதற்குப் பாதுகாப்புத் தருகிறது. அவர் சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருக்க வேண்டும், அவருக்காகச் சொல்லக்கூடிய பாதுகாவலர் உரிய நேரத்தில் கிடைக்காமல் இருக்க வேண்டும், அவருடைய நலனுக்காக நல்லெண்ணத்தில் செய்ததாக இருக்க வேண்டும். வெறும் பண லாபம் "நலன்" என்ற கணக்கில் வராது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. செலவு மிச்சம் என்ற வாதத்துக்கு இங்கேயும் இடமில்லை.

சாலை விபத்து என்றால் போலீஸ் வரட்டும், சொந்தக்காரர் வரட்டும் என்று நிறுத்திவைக்கக் கூடாது. உடனே சிகிச்சை தர வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவிலேயே இருக்கிறது. "கையெழுத்துப் போட ஆள் இல்லை" என்று திருப்பி அனுப்பினால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தப் பேச்சு பெரும்பாலும் அங்கேயே மாறிவிடும்.

இந்த விதிவிலக்கு அவசரம் இருக்கும்வரைதான். உயிர் காக்கும் கட்டம் தாண்டி, நோயாளி நினைவுக்கு வந்துவிட்டால் அடுத்த அறுவைக்கு அவரிடம் கேட்க வேண்டும். நினைவோடு, தெளிவாக, "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்கிற வயதுவந்தவருக்கு அவசரத்தின் பெயரால் கட்டாயப்படுத்திச் செய்யவும் முடியாது. விளைவுகளைச் சொல்லி, மறுக்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். அந்தத் தாளுக்கும் நகல் கேளுங்கள்.

8. பிரசவத்துக்குப் போகிறவர்களுக்கு

பிரசவம் முடிந்த கையோடு காப்பர்-டி வைப்பது நடைமுறையில் இருக்கிறது. நஞ்சு வெளியேறிய பத்து நிமிடத்துக்குள், அல்லது சிசேரியனின்போதே, அல்லது 48 மணி நேரத்துக்குள் வைப்பார்கள். இதில் உயிர் காக்கும் அவசரம் எதுவுமில்லை. எனவே கர்ப்ப காலத்திலேயே பேசிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். வேண்டாம் என்றால் கர்ப்பிணிப் பதிவு அட்டையிலும் பிரசவச் சம்மதப் படிவத்திலும் "காப்பர்-டி வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கும் இதே வழிதான். வலி எடுத்த பிறகு கேட்டு வாங்கும் சம்மதத்தை நம்பியிருக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் காப்பர்-டி வைத்ததாக எழுதியிருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன் பாருங்கள். வைத்தது தெரியாமல் போய், பல மாதம் கழித்து உதிரப்போக்கோடு வருபவர்கள் உண்டு.

9. வீடு திரும்பும் முன் வாங்க வேண்டிய தாள்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. சம்மதப் படிவங்கள், அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, கேஸ் ஷீட் ஆகியவற்றின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். உள்நோயாளியின் ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002 நெறிமுறை. அவற்றை மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. விண்ணப்பத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகல் எடுக்கும் செலவை உங்களிடம் கேட்பார்கள், அதற்கு ரசீது வாங்குங்கள். அரசு மருத்துவமனை என்றால் கண்காணிப்பாளரிடமோ டீனிடமோ மனு. அதில் நகரவில்லை என்றால் 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்ட மனு. அதற்கு 30 நாளில் பதில் வர வேண்டும்.

அதிகம் பேர் கேட்க மறப்பது திசுப் பரிசோதனை முடிவு. உடம்பிலிருந்து எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினால், வந்து சேர்ந்தது என்ன, எந்த அளவு என்று அங்கே தனியாக எழுதுவார்கள். அறுவைக் குறிப்பில் "நீர்க்கட்டி" என்று மட்டும் இருந்து, இந்த ரிப்போர்ட்டில் "கர்ப்பப்பை, இரு சினைப்பைகள்" என்று இருந்தால் அதைவிட வலுவான சான்று வேறில்லை. முடிவு வரச் சில நாள் ஆகும் என்பதால் தனியாகப் போய் வாங்க வேண்டியிருக்கும்.

10. மீறல் நடந்துவிட்டால்

முதலில் மருத்துவமனைக்கு எழுத்துமூலம் கேள்வி வையுங்கள்: எந்தச் சம்மதத்தின் பேரில் செய்தீர்கள், என்ன அவசரம் இருந்தது, அது கேஸ் ஷீட்டில் எந்தப் பக்கத்தில் உள்ளது? பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது ஆவணம்.

பணம் கட்டிச் செய்த தனியார் சிகிச்சை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். மருத்துவமனைக்கு நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை மீது இந்த வழியில் போக முடியாது. டாக்டரின் நடத்தை பற்றிய புகாருக்குத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். அது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும், இழப்பீடு வாங்கித் தராது. அரசு மருத்துவமனை பற்றி 1100 எண்ணிலும் புகார் பதியலாம்.

வக்கீல் செலவுக்குப் பயந்து நிற்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், 15100 எண்ணிலும் அழைக்கலாம். போகும்போது சம்மதப் படிவத்தின் படம், அறுவைக் குறிப்பு, திசுப் பரிசோதனை முடிவு, பில்கள், நீங்கள் அனுப்பிய விண்ணப்பத்தின் சீல் போட்ட பிரதி ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். சம்மதப் படிவம் இன்னும் கைக்கு வரவில்லை என்றால் அதற்காக மனுவைத் தள்ளிப்போட வேண்டாம். அதைத் தாக்கல் செய்யும்படி மருத்துவமனைக்கு உத்தரவிட ஆணையத்திடமே கேட்கலாம். இரண்டு வருடக் கெடு அதற்காக நிற்காது.